ரிப்போர்ட்டில் ‘பினைன்’ என்று வந்தால்

மார்பகக் கட்டியிலிருந்து ஊசியால் சதை எடுத்துப் பார்த்த பயாப்ஸி ரிப்போர்ட்டின் கடைசி வரியில் ‘பினைன்’ என்ற சொல் இருந்தால், அது உறுதியாகச் சொல்வது ஒன்றைத்தான்: கண்ணாடித் தகட்டில் ஏற்றி நுண்ணோக்கியில் பார்த்த சதைத் துணுக்கில் புற்றுநோய் இல்லை. கட்டியின் மற்ற பகுதியிலும் இல்லை, இனிமேல் வராது, வைத்தியம் எதுவும் வேண்டாம் என்ற மூன்றும் அந்தச் சொல்லுக்குள் அடங்கியவை அல்ல. பெரும்பாலானோருக்கு முதல் இரண்டும் உண்மையாகவே முடியும். ஆனால் அவற்றுக்கு ஆதாரம் வேறிடத்தில் இருக்கிறது: ஸ்கேனில், கட்டியைத் தொட்டுப் பார்த்த கையில், ரிப்போர்ட்டின் மற்ற வரிகளில்.

சொல்லின் வேர் லத்தீன். ‘பெனிக்னஸ்’ என்றால் அன்பான, சாதுவான என்று பொருள். தமிழ் மருத்துவ நூல்கள் இதைத் ‘தீங்கற்ற கட்டி’ என்கின்றன. மருத்துவமனை வராந்தாவில் ‘சாதாக் கட்டி’ என்கிறார்கள். இரண்டுமே நோயியல் மருத்துவர் சொன்னதைவிடச் சற்றுக் கூடுதலாகச் சொல்லிவிடுகின்றன. அவர் மொழியில் பினைன் கட்டி என்பது, இரத்தத்தின் வழியாகவோ நிணநீரின் வழியாகவோ உடலின் வேறு பகுதிக்குக் குடியேறும் குணம் இல்லாத கட்டி. தீங்கு செய்யாது என்பது அதன் பொருள் அல்ல. மூளையுறையில் வளரும் மெனிஞ்சியோமா பெரும்பாலும் பினைன் வகைதான். ஆனால் மண்டையோட்டுக்குள் இடம் குறைவு என்பதால், பரவாமல் இருந்த இடத்திலேயே வளர்ந்தும் அது பார்வையைக் கெடுக்கலாம், வலிப்பை உண்டாக்கலாம். மார்பகத்தில் அப்படிப்பட்ட இட நெருக்கடி கிடையாது. அதனால் அங்கே இந்தச் சொல் பெரும்பாலும் நிம்மதியையே தருகிறது. அந்த நிம்மதி எங்கே நியாயமானது, எங்கே அவசரமானது என்பதைப் பிரித்தறிய, சதை கட்டியிலிருந்து கண்ணாடித் தகடு வரை வரும் பாதையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கட்டியிலிருந்து கண்ணாடிக்கு

‘ட்ரூகட்’ என்று பரவலாக அழைக்கப்படும் பயாப்ஸியில் பயன்படுவது பெரும்பாலும் 14 கேஜ் ஊசி. ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் தடிமன். தோலை மரக்கச்செய்து, மிகச் சிறிய கீறல் போட்டு, அதன் வழியாக ஊசியைக் கட்டியின் ஓரம்வரை செலுத்துவார்கள். கைப்பிடிக்குள் இருக்கும் ஸ்பிரிங்கை விடுவித்ததும் ‘டக்’ என்ற சத்தத்துடன் ஊசி முன்னே பாய்ந்து, தன் பள்ளத்துக்குள் புழுப்போன்ற ஒரு சதைத் துண்டை வெட்டி அடைத்துக்கொள்ளும். இப்படி நான்கு முதல் ஆறு துண்டுகள் எடுப்பது வழக்கம்.

ஒரு துண்டின் எடை சுமார் 17 மில்லிகிராம். இரண்டு சென்டிமீட்டர் விட்டமுள்ள உருண்டைக் கட்டியின் எடையோ சுமார் நான்கு கிராம். நான்கு துண்டுகள் எடுத்தாலும் 70 மில்லிகிராமைத் தாண்டாது. அதாவது கட்டியில் ஐம்பதில் ஒரு பங்குக்கும் குறைவு. அந்தத் துண்டுகளை ஃபார்மலினில் பதப்படுத்தி, மெழுகுக் கட்டிக்குள் பதித்து, ஒரு மில்லிமீட்டரில் இருநூற்றில் ஒரு பங்குக்கும் மெல்லிய சீவல்களாகச் சீவி, சாயமேற்றிப் பார்க்கிறார்கள். சீவல் எல்லாவற்றையும் பார்ப்பதில்லை. வெவ்வேறு ஆழங்களிலிருந்து சில மட்டும் எடுக்கப்படும். ஆக, இறுதியில் மருத்துவரின் கண்ணுக்கு வருவது கட்டியின் மிக மிகச் சிறிய பகுதி.

இதைக் கேட்டுப் பதறத் தேவையில்லை. ஒரு சோறு பதம் என்பது மார்பகக் கட்டிக்கு அநேகமாகப் பொருந்தும். புற்றுக்கட்டி என்றால் அதன் பெரும்பகுதி புற்றாகவே இருக்கும். ஊசி உள்ளே போயிருந்தால் எந்தத் துண்டிலும் அது தென்படவே வாய்ப்பு அதிகம். ஸ்கேன் பார்த்துக்கொண்டே ஊசி போடும்போது, இருக்கும் புற்றைத் தவறவிடுவது நூற்றில் ஒன்று முதல் மூன்று வரை என்ற அளவிலேயே பெரும்பாலான ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் பானையிலிருந்தே எடுத்த சோறாக இருக்க வேண்டும். தவறு நடக்கும் இடம் அதுதான். கெட்டியான சிறு கட்டி, ஊசி முனை படும்போது வழுக்கிப் பக்கத்தில் ஒதுங்கிவிடும். ஊசியோ கட்டிக்கு அருகில் இருக்கும் சாதாரண மார்பகச் சதையை வெட்டிக்கொண்டு வரும். அந்தச் சதையில் புற்று இருக்காது. ரிப்போர்ட்டும் நேர்மையாக, சரியாக, ‘பினைன்’ என்றே வரும்.

துண்டுகள் ஃபார்மலின் பாட்டிலில் விழும்போதே அனுபவமுள்ளவர்கள் இதை ஓரளவு ஊகித்துவிடுவார்கள். திடக் கட்டியின் சதை வெளிறிய வெண்மையாக இருக்கும், திரவத்தில் மூழ்கும். கொழுப்பு மஞ்சளாக இருக்கும், மிதக்கும். எல்லாத் துண்டும் மஞ்சளாக மிதந்தால் இன்னும் இரண்டு முறை குத்தி எடுப்பது நல்லது என்று அங்கேயே முடிவெடுக்கலாம். மேமோகிராமில் கட்டி ஏதும் இல்லாமல் சுண்ணாம்புப் பொடி தூவியதுபோன்ற புள்ளிகள் மட்டும் தெரிந்து, அதற்காகப் பயாப்ஸி செய்தால், எடுத்த துண்டுகளையே ஒரு எக்ஸ்ரே எடுத்து அந்தப் புள்ளிகள் துண்டுக்குள் வந்திருக்கின்றனவா என்று பார்ப்பார்கள். நோயியல் ரிப்போர்ட்டிலும் சுண்ணாம்புப் படிவு இருந்ததாகக் குறிப்பு இருக்க வேண்டும். அந்தக் குறிப்பு இல்லாத ‘பினைன்’, தேடிய இடத்தைப் பார்க்காமலே எழுதிய பதில்.

கண்ணாடியில் தெரிவது

சாயமேற்றிய சீவலில் செல்களின் கருக்கள் நீல ஊதாவாகவும் மற்றவை இளஞ்சிவப்பாகவும் தெரியும். மார்பகத்தின் பால் குழாய் ஒவ்வொன்றுக்கும் இரண்டடுக்குச் சுவர் உண்டு. உள்ளடுக்குச் செல்கள் குழாயின் உட்புறத்தை மூடியிருக்கும். வெளியடுக்குச் செல்கள் சுருங்கி விரிந்து பாலைத் தள்ளுபவை. நோயியல் மருத்துவர் தேடும் முக்கியமான அடையாளம் அந்த வெளியடுக்கு. அது அறுபடாமல் இருந்தால், உள்ளே செல்கள் எவ்வளவு நெருக்கியடித்துக்கொண்டிருந்தாலும் அவை வேலியைத் தாண்டவில்லை. ஊடுருவும் புற்றில் வேலி இருக்காது; செல்கள் தனித்தனியாகவும் கூட்டமாகவும் அக்கம்பக்கத்துச் சதைக்குள் இறங்கியிருக்கும். வேலி தாண்டாமலே புற்றாக இருக்கும் நிலையும் உண்டு என்பதால் கருக்களின் அளவு, வடிவம், அடர்த்தி எல்லாம் சேர்த்துப் பார்க்கப்படும். சந்தேகம் இருந்தால் வெளியடுக்குச் செல்களை மட்டும் பழுப்பாகக் காட்டும் சிறப்புச் சாயம் போடுவார்கள். இதற்காகவே சில ரிப்போர்ட்டுகள் சில நாள் தாமதமாகும். தாமதம் கெட்ட சேதியின் அறிகுறி என்று வீட்டில் எடுத்துக்கொள்வதுண்டு. அப்படி ஒரு விதி கிடையாது.

பார்வைக்கு ஒன்றுபோல் தோன்றும் மூன்று வகை வாக்கியங்களை இங்கே பிரித்துப் பார்க்க வேண்டும். ‘ஃபைப்ரோ அடினோமா’ என்று பெயர் சொல்லி எழுதுவது முதல் வகை; இன்னது என்று கண்டுபிடித்துவிட்டார்கள். ‘அனுப்பப்பட்ட சதையில் புற்றுநோய்க்கான அறிகுறி இல்லை’ என்பது இரண்டாம் வகை. புற்று இல்லை என்கிறதே தவிர கட்டி என்ன என்று சொல்லவில்லை. ‘போதிய சதை இல்லை’ அல்லது ‘கொழுப்பும் நாரும் மட்டும்’ என்பது மூன்றாம் வகை. அதில் நல்ல சேதியும் இல்லை, கெட்ட சேதியும் இல்லை, பயாப்ஸி நடக்கவில்லை என்றே வைத்துக்கொள்ளலாம். மெல்லிய ஊசியால் செல்களை மட்டும் உறிஞ்சி எடுக்கும் எஃப்.என்.ஏ.சி. பரிசோதனையில் இந்த மூன்றாம் வகைப் பதில் அடிக்கடி வரும். அங்கே குழாயின் சுவரோ வேலியோ தெரியாது, உதிர்ந்த செல்கள் மட்டுமே தெரியும். அதனால் அந்த முறையில் வரும் ‘பினைன்’ இன்னும் சற்று மெலிந்தது.

ஒரே சொல், இரண்டு பெண்கள்

எடுத்துக்காட்டாக இரண்டு பேரைக் கற்பனை செய்து பார்க்கலாம். முதலாமவருக்கு வயது 24. இரண்டு சென்டிமீட்டர் கட்டி. விரலால் தள்ளினால் பிடி கொடுக்காமல் நழுவுகிறது. அல்ட்ராசவுண்டில் முட்டை வடிவம், தெளிவான ஓரம், உயரத்தைவிட அகலம் அதிகம். இரண்டாமவருக்கு வயது 52. அதே இரண்டு சென்டிமீட்டர். ஆனால் கல்லைப்போல் கெட்டி, சுற்றியுள்ள சதையோடு ஒட்டியிருக்கிறது. மேமோகிராமில் கட்டியின் ஓரத்திலிருந்து நெருஞ்சி முள்ளைப்போல நாலாபுறமும் கீற்றுகள் கிளம்புகின்றன. இருவருக்கும் நான்கு துண்டுகள் எடுக்கப்பட்டன. முதலாமவரின் ரிப்போர்ட்: ‘ஃபைப்ரோ அடினோமா, பினைன்’. இரண்டாமவரின் ரிப்போர்ட்: ‘ஃபைப்ரோசிஸ்டிக் மாற்றம், பினைன்’.

முதல் ரிப்போர்ட்டில் எல்லாம் கூடிவருகின்றன. அந்த வயதில், அந்த வடிவத்தில் எதிர்பார்க்கக்கூடியது ஃபைப்ரோ அடினோமாதான். சதையும் அதையே காட்டியது. கட்டி எதனால் வந்தது என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. இரண்டாவதில் விடை கிடைக்கவில்லை. ஃபைப்ரோசிஸ்டிக் மாற்றம் என்பது கட்டியே இல்லாத மார்பகங்களிலும் சர்வ சாதாரணமாக இருப்பது. நாரும் சிறு நீர்ப்பைகளும் சேர்ந்த அந்தச் சதை, கல்லைப்போன்ற, முள் கிளம்பிய கட்டியை விளக்காது. ஊசி பக்கத்துச் சதையை எடுத்துவந்திருக்கிறது என்பதே நியாயமான முதல் ஊகம். படமும் சதையும் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பதை மருத்துவர்கள் ‘கன்கார்டன்ஸ்’ என்கிறார்கள். ஒத்துப்போகாத ‘பினைன்’ முடிவாகாது. மறுபடி ஊசி போட வேண்டும், அல்லது அறுத்து எடுத்துப் பார்க்க வேண்டும். ஆறு மாதம் கழித்து வரச் சொல்லும் வழக்கம் ஒத்துப்போகும் ரிப்போர்ட்டுகளுக்கு உரியது.

இதைக் கணக்காகப் போட்டால் வேறுபாடு எவ்வளவு பெரியது என்பது புரியும். ஸ்கேன் ரிப்போர்ட்டுகளில் ‘பை-ராட்ஸ்’ என்ற எண் இருக்கும். படத்தை வைத்துப் புற்றாக இருக்கக்கூடிய வாய்ப்பைச் சொல்லும் எண் அது. பை-ராட்ஸ் 3 என்றால் அந்த வாய்ப்பு நூற்றுக்கு இரண்டுக்கு மேல் போகாது. 4சி என்றால் 50 முதல் 95 வரை. முதலாமவரைப் போன்ற ஆயிரம் பேரில் 20 பேருக்குப் புற்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஊசி நூற்றில் மூன்று புற்றைத் தவறவிடும் என்றால், 20 பேரில் தவறுவது ஒருவர்கூட இல்லை. ஆயிரம் பேரில் சுமார் 980 பேருக்கு ‘பினைன்’ வரும். அதில் பொய்யாகப் போவது ஒன்றுக்கும் குறைவு.

இரண்டாமவரைப் போன்ற ஆயிரம் பேரில் 800 பேருக்குப் புற்று என்று வைத்துக்கொள்வோம். அதே ஊசி, அதே கை, அதே மூன்று சதவீதம். இங்கே 24 பேரின் புற்று தவறிப்போகும். உண்மையிலேயே புற்று இல்லாத 200 பேருக்கும் சேர்த்து மொத்தம் 224 பேர் கையில் ‘பினைன்’ ரிப்போர்ட் இருக்கும். அந்த 224 பேரில் 24 பேருக்கு, அதாவது பத்தில் ஒருவருக்கு மேல், உள்ளே புற்று இருக்கிறது. ஆய்வகம் எந்தப் பிழையும் செய்யவில்லை. பயாப்ஸிக்கு முன்பே இருந்த சந்தேகத்தின் அளவுதான் அந்தச் சொல்லின் எடையை மாற்றிவிடுகிறது. ரிப்போர்ட்டைத் தனியாகப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பி ‘இது நல்லதா?’ என்று கேட்டால், தெரிந்த மருத்துவரும் ஸ்கேனைக் கேட்பது இதனால்தான்.

விதிவிலக்கும் உண்டு. முள் கிளம்பிய கட்டி எல்லாமே புற்று அல்ல. அடிபட்ட இடத்திலோ பழைய அறுவைத் தழும்பிலோ கொழுப்பு செத்துப்போய் இறுகினால் அது புற்றைப்போலவே படத்தில் தெரியும். ரிப்போர்ட் ‘கொழுப்பு நசிவு’ என்று பெயர் சொல்லி எழுதியிருந்து, அந்த இடத்தில் அடிபட்ட வரலாறும் இருந்தால், அந்த ‘பினைன்’ ஒத்துப்போகிறது. எனவே பார்க்க வேண்டியது படம் எவ்வளவு மோசம் என்பதை மட்டும் அல்ல. சொல்லப்பட்ட பெயர் அந்தப் படத்தை விளக்குகிறதா என்பதை.

மறுபடி ஊசி என்றதும் தயங்குபவர்கள் அதிகம். ஊசி பட்டால் சாதாக் கட்டி கெட்ட கட்டியாக மாறிவிடும், கத்தி பட்டால் பரவிவிடும் என்ற அச்சம் நம் ஊர்களில் வேரோடிப் போயிருக்கிறது. ஃபைப்ரோ அடினோமாவை ஊசியால் குத்துவதால் அது புற்றாக மாறுவதில்லை. இரண்டாவது பயாப்ஸியில் புற்று தெரியவந்த பெண்ணைப் பார்த்து ‘ரெண்டு தடவை குத்துனதாலதான் இப்படி ஆச்சு’ என்பவர்கள், முதல் ஊசி கட்டிக்குள்ளேயே போகவில்லை என்ற வாய்ப்பை நினைத்துப் பார்ப்பதில்லை.

பினைன் என்பதோடு வரும் பெயர்

‘பினைன்’ ஒரு குடும்பப் பெயர். அதன் கீழ் வரும் தனிப் பெயர்கள் ஒவ்வொன்றும் வேறு வழி நடத்துபவை.

ஃபைப்ரோ அடினோமா என்றால், சிறியதாக இருந்து படத்தோடு ஒத்துப்போனால், அப்படியே விட்டுவிடலாம். அதே குடும்பத்தில் அதன் தோற்றத்திலேயே வரும் மற்றொன்று ஃபிலாய்ட்ஸ் கட்டி. கிரேக்க மொழியில் இலையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. சீவலில் இலைபோன்ற மடிப்புகள் தெரியும். அதிலேயே பினைன், இடைப்பட்டது, புற்று என்று மூன்று வகை. பினைன் ஃபிலாய்ட்ஸ்கூட முழுமையாக எடுக்கப்படாவிட்டால் அதே இடத்தில் திரும்ப முளைக்கலாம். இலை மடிப்பு இல்லாத பகுதியில் ஊசி பட்டுவிட்டால், சதையை வைத்து இரண்டையும் பிரிப்பது கடினம். அப்போது ரிப்போர்ட் ‘ஃபைப்ரோ எபிதீலியல் கட்டி’ என்று பொதுப்படையாக நின்றுவிடும். வேகமாக வளரும் கட்டிக்கு அந்தப் பதில் வந்தால், முழுவதும் எடுத்துப் பார்ப்பதே வழி.

நம் நாட்டில் தனியாகக் கவனிக்க வேண்டியது ‘கிரானுலோமட்டஸ் மாஸ்டைட்டிஸ்’. பெரும்பாலும் பிள்ளை பெற்றுச் சில ஆண்டுகளுக்குள் இருக்கும் பெண்களுக்கு வரும் அழற்சி இது. கட்டி கெட்டியாக இருக்கும், தோல் சிவக்கும், சில வேளை சீழ் வடியும். தொட்டுப் பார்த்தாலும் ஸ்கேனிலும் புற்றோ என்று பயமுறுத்தும். பயாப்ஸியில் புற்று இல்லை என்று வந்ததும் குடும்பம் கோயிலுக்குப் போய்விட்டு ரிப்போர்ட்டை அலமாரியில் வைத்துவிடுகிறது. ஆனால் அதே நுண்ணோக்கித் தோற்றம் காசநோயாலும் வரும். மார்பகத்தில் காசநோய் அரிதுதான். இந்தியாவில் மறந்துவிடும் அளவுக்கு அரிது அல்ல. சதையைக் காசநோய்க் கிருமிக்காகவும் சோதித்துப் பார்க்க வேண்டும். காசநோய் என்றால் மாதக்கணக்கில் மருந்து உண்டு. இல்லை என்றாலும் இந்த அழற்சி ஆற மாதங்கள் ஆகும்; கண்காணிப்பும் சில வேளை ஸ்டீராய்டும் தேவைப்படும். வைத்தியம் தேவைப்படும் ‘பினைன்’ இது.

மூன்றாவது பெயர் ‘ஏட்டிபியா’. வேலி அறுபடவில்லை, புற்று என்று சொல்லவும் முடியாது. ஆனால் குழாய்க்குள் செல்கள் பெருகியிருக்கும் விதம் சரியில்லை என்று இதற்குப் பொருள். ரிப்போர்ட்டின் தலைப்பில் ‘பினைன்’ என்றும் விவரத்தில் ‘ஏட்டிபிகல் டக்டல் ஹைப்பர்பிளேசியா’ என்றும் இருந்தால், தலைப்பு கொடுக்கும் ஆறுதலை விவரம் பாதி திரும்ப வாங்கிக்கொள்கிறது. இப்படி வந்தவர்களுக்கு அந்த இடத்தை முழுவதும் எடுத்துப் பார்த்தபோது, பல ஆய்வுகளில் பத்தில் ஒருவருக்கு மேல் அருகிலேயே புற்று இருந்தது. இரண்டு நோய்களும் ஒன்றன்பக்கம் ஒன்று இருக்க, ஊசி ஓரத்தை மட்டும் எடுத்திருக்கும். பிரிட்டனில் மார்பகப் பயாப்ஸிகளை பி1 முதல் பி5 வரை எண்ணிட்டு வகைப்படுத்துகிறார்கள். உறுதியான பினைன் பி2; ஏட்டிபியாவுக்குத் தனியாக பி3. ‘பினைன்’ என்ற ஒற்றைச் சொல் மறைத்துவிடும் வேறுபாட்டை அந்த எண் காட்டிக்கொடுக்கிறது. நம் ஊர் ரிப்போர்ட்டுகள் பலவற்றில் அந்த எண் இருக்காது. விவரப் பத்தியைத்தான் படிக்க வேண்டும்.

வருங்காலம் பற்றி

இன்று எடுத்த சதை, பத்து ஆண்டு கழித்து என்ன நடக்கும் என்று சொல்லுமா என்ற கேள்வியை அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்லியம் டூபானும் டேவிட் பேஜும் எடுத்துக்கொண்டார்கள். நாஷ்வில் நகர மருத்துவமனைகளின் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பழைய பினைன் பயாப்ஸிகளைத் திரும்பப் பார்த்து, 3,303 பெண்களைத் தொடர்ந்து, 1985இல் முடிவை வெளியிட்டார்கள். சுமார் 70 சதவீத பயாப்ஸிகளில் செல்பெருக்கமே இல்லை. அந்தப் பெண்களுக்குப் பிற்காலப் புற்று அபாயம் கூடவில்லை. ஏட்டிபியா இருந்தவர்களுக்கு அபாயம், செல்பெருக்கம் இல்லாதவர்களைப்போல் ஐந்து மடங்குக்கு மேல்.

இருபது ஆண்டுக்குப் பிறகு, 2005இல், மேயோ கிளினிக்கின் லின் ஹார்ட்மன் குழு 9,087 பெண்களை வைத்து அதையே ஏறக்குறைய உறுதிசெய்தது. செல்பெருக்கம் இல்லாத மூன்றில் இரண்டு பங்குப் பெண்களுக்கு, பொதுவான பெண்களைப்போல் 1.27 மடங்கு அபாயம். அவர்களிலும் குடும்பத்தில் மார்பகப் புற்று இல்லாதவர்களுக்கு அபாயம் கூடவே இல்லை. ஏட்டிபியா இல்லாத செல்பெருக்கத்துக்கு 1.88 மடங்கு, ஏட்டிபியாவுக்கு 4.24 மடங்கு.

மடங்குக் கணக்கு காதில் பெரிதாக விழும். ஏட்டிபியா இருந்தவர்களையே எடுத்தாலும், மேயோவின் பிந்தைய கணக்குப்படி 25 ஆண்டுகளில் நூற்றுக்குச் சுமார் 30 பேருக்குப் புற்று வந்தது. 70 பேருக்கு வரவில்லை. இவை அமெரிக்கப் பெண்களின் எண்கள் என்பதும் கவனிக்கத்தக்கது. இந்தியாவில் மார்பகப் புற்று வரும் விகிதமே அங்கிருப்பதைவிடக் குறைவு என்பதால், அந்த 30ஐ அப்படியே இங்கே எடுத்துவைக்க முடியாது. மடங்குகளின் வரிசை மட்டும் வழிகாட்டும். ஏட்டிபியா என்று வந்த பெண்ணுக்கு ஆண்டுதோறும் பரிசோதனையும், தேவையானால் தடுப்பு மாத்திரையும் பற்றிப் பேச இந்த எண்களே காரணம். ஃபைப்ரோ அடினோமா மட்டும் இருந்த 24 வயதுப் பெண்ணிடம் அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

அவருக்கும் ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. ஆறு மாதத்துக்குப் பிறகு ஒரு முறையும், வழக்கமாக இரண்டாண்டு வரை இடையிடையேயும் அதே கட்டியை ஸ்கேனில் அளந்து பார்க்க வேண்டும். ஊசி தவறவிடும் அந்த நூற்றில் ஒன்றிரண்டு பிடிபடுவது இந்த அளவெடுப்பில்தான். ஆறு மாதத்தில் 2 சென்டிமீட்டர் 2.1 ஆனால் அளவெடுத்ததில் வரும் வேறுபாடாகவே இருக்கலாம், 2.4ஐத் தாண்டினால், அதாவது ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வளர்ந்தால், பழைய ‘பினைன்’ செல்லாது என்று வைத்துக்கொண்டு மறுபடி பார்ப்பார்கள். மற்ற மார்பிலோ அதே மார்பின் வேறு இடத்திலோ தென்படும் புதிய கட்டிக்கும் பழைய ரிப்போர்ட் எதையும் சொல்லாது. அது ஒரு கட்டியின் ஒரு நாள் துணுக்கைப் பற்றிய சான்று.

பயாப்ஸியில் மிஞ்சுவது காகிதம் மட்டும் அல்ல. சதை பதித்த மெழுகுக் கட்டியும் கண்ணாடித் தகடுகளும் ஆய்வகத்தில் ஆண்டுக்கணக்கில் பத்திரமாக இருக்கும். ஏட்டிபியா, ஃபிலாய்ட்ஸ் போன்றவற்றில் தேர்ந்த மருத்துவர்களே ஒருவருக்கொருவர் கருத்து மாறுபடுவதுண்டு என்பதால், இரண்டாம் கருத்து கேட்க விரும்புபவர் ரிப்போர்ட்டில் இருக்கும் எண்ணைச் சொல்லி அவற்றைக் கேட்டு வாங்கிக்கொண்டு வேறு நோயியல் மருத்துவரிடம் காட்டலாம். புதிதாக ஊசி போடாமலே, அதே மெழுகிலிருந்து இன்னும் சில சீவல்கள் சீவி, முதல் முறை போடாத சாயத்தையும் போட்டுப் பார்க்க முடியும். ஆனால் ஊசி கட்டிக்குள் போயிருக்காவிட்டால், அந்த மெழுகை எத்தனை பேர் பார்த்தாலும் பதில் மாறாது. அப்போது கேட்க வேண்டியது இரண்டாவது பயாப்ஸியை.